இதழ்க் கட்டுரையின் சுருக்கம் ஒன்றை நான்கு தலைப்புகளில் திரும்ப எழுதிய அனுபவம்

ஏற்கெனவே வெளியான ஓர் ஆய்வைப் படித்து எடுத்துரைப்பதற்கென்று ஒரு பிரிவு வைத்திருந்த மாணவர் மாநாட்டுக்கு, என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தி சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. பின்னணி, ஆய்வுமுறை, கண்டறிந்தவை, முடிவுரை என்ற நான்கு தலைப்புகள் கட்டாயம்; தலைப்புகளையும் சேர்த்து 250 சொற்களுக்கு மேல் போகக் கூடாது; கட்டுரையின் வாக்கியங்களை அப்படியே பெயர்த்து வைக்காமல் சொந்த நடையில் எழுத வேண்டும். இவை மூன்றுதான் விதிகள். அவள் தேர்ந்தெடுத்திருந்தது, பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ஆகிய இருவரும் 2014இல் 'சைக்கலாஜிக்கல் சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை. வகுப்பில் மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களையும் கையால் குறிப்பெடுப்பவர்களையும் ஒப்பிடும் அந்தக் கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது என்பதால், அதை ஒற்றை வரியாகக் கேள்விப்பட்டவர்கள் பலர் இருப்பார்கள். அதன் சுருக்கத்தை நான்கு தலைப்புகளுக்குள் கொண்டுவந்த வேலையை, அடுத்து இதே வேலையைச் செய்ய உட்காரும் மாணவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

இதழில் வெளியான சுருக்கம் தலைப்புகள் இல்லாத ஒரே பத்தி. அதில் ஆறு வாக்கியங்கள் உள்ளன. மடிக்கணினியில் குறிப்பெடுப்பது பெருகி வருகிறது என்பது முதல் வாக்கியம். அப்படிக் குறிப்பெடுப்பது கையெழுத்துக் குறிப்பைவிடக் கற்றலுக்குக் குறைவாகவே உதவும் என்று ஆய்வாளர் பலர் கருதியிருக்கிறார்கள் என்பது இரண்டாவது. முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கவனச் சிதறலையே பார்த்தன என்பது மூன்றாவது. குறிப்பெடுக்க மட்டுமே மடிக்கணினியைப் பயன்படுத்தினாலும், ஆழமில்லாமல் உள்வாங்குவதால் கற்றல் பாதிக்கப்படக்கூடும் என்று நான்காவது கூறுகிறது. மூன்று சோதனைகளிலும் மடிக்கணினிக் குழுவினர், கருத்தைப் பயன்படுத்திப் பார்க்கும் கருத்துநிலைக் கேள்விகளில் பின்தங்கினர் என்கிறது ஐந்தாவது. அதிகமாகக் குறிப்பெடுப்பது நல்லதுதான் என்றாலும், கேட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் போக்கு கற்றலுக்குக் கெடுதல் என்று ஆறாவது முடிக்கிறது.

முதல் வேலையாக, அச்செடுத்த தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எந்தத் தலைப்புக்குரியது என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். முதல் மூன்றும் தயக்கமில்லாமல் பின்னணிக்குப் போயின. நான்காவதில் அவள் பென்சில் நின்றுவிட்டது. அது ஆய்வின் நோக்கத்தையும் சொல்கிறது, முடிவையும் சொல்கிறது. ஐந்தாவதில் 'மூன்று சோதனைகள்' என்ற இரண்டு சொற்கள் ஆய்வுமுறைக்கும், எஞ்சியவை கண்டறிந்தவற்றுக்கும் உரியவை. ஆறாவதில் முற்பாதி அளந்து கண்டது, பிற்பாதி அதற்குத் தந்த விளக்கம். குறித்து முடித்தபோது தாளின் நிலைமை தெளிவாகத் தெரிந்தது. பின்னணிக்கு மூன்று வாக்கியங்கள் இருந்தன, ஆய்வுமுறைக்கோ இரண்டு சொற்கள்தான். கண்டறிந்தவற்றில் ஓர் எண்கூட இல்லை.

இந்தக் குறித்தலை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பேன். நேரடியாகத் தலைப்புகளை எழுதிக்கொண்டு, மூலச் சுருக்கத்தின் வாக்கியங்களைக் கொஞ்சம் மாற்றி அவற்றின் கீழே நிரப்பத் தொடங்குபவர்களுக்கு, ஆய்வுமுறை காலியாக இருப்பது கண்ணில் படுவதில்லை. 'மூன்று சோதனைகள் நடத்தப்பட்டன' என்று ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, தலைப்பு நிரம்பிவிட்டது என்று மேலே போய்விடுவார்கள். தேர்வுக் குழுவினர் அந்த ஒரு வாக்கியத்தைப் பார்த்தவுடனே, எழுதியவர் கட்டுரையின் உள்ளே போகவில்லை என்று தெரிந்துகொள்வார்கள்.

அப்போது அவள் கேட்டாள்: "மேடம், அவங்க சுருக்கத்துலயே இல்லாத விஷயத்தை நாம எப்படிச் சேர்க்கலாம்?"

கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடை, தலைப்பிட்ட சுருக்கம் என்ற வடிவம் ஏன் வந்தது என்பதிலேயே இருக்கிறது. 1987இல் 'அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' என்ற மருத்துவ இதழில், ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்கள் குறிப்பிட்ட தலைப்புகளின் கீழ் எழுதப்பட வேண்டும் என்ற முன்மொழிவு வெளியானது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஓர் ஆய்வு தமக்குப் பயன்படுமா, அதை நம்பலாமா என்று முடிவெடுக்க வேண்டிய மருத்துவர்களுக்கு, எதை அளந்தார்கள், யாரிடம் அளந்தார்கள் என்ற செய்திகள் பல சுருக்கங்களில் கிடைக்கவில்லை என்பதே அதன் காரணம். ஆகவே ஒவ்வொரு தலைப்பும் கட்டுரையிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. அதற்கான விடையைக் கட்டுரை முழுவதிலும் தேடி எடுக்க வேண்டும். நாம் சுருக்குவது கட்டுரையை. அதன் சுருக்கத்தை நாம் இன்னொரு முறை சுருக்கவில்லை. கட்டுரையின் உள்ளே இருக்கும் எதையும் எடுத்து வரலாம், உள்ளே இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது என்பதே எல்லை.

இதில் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. 1999இல் 'ஜாமா' இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு பெரிய மருத்துவ இதழ்களின் சுருக்கங்களைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. கட்டுரையின் உடற்பகுதியோடு ஒத்துப்போகாத தகவலோ, உடற்பகுதியில் இல்லாத தகவலோ கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. வெளியான சுருக்கத்தையே மூலமாக வைத்து வேலை செய்தால், அதில் ஏற்கெனவே இருக்கும் பிசகையும் நாம் சுமந்துகொண்டு போவோம். எங்கள் கட்டுரையிலேயே அப்படி நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதைக் கண்டறிந்தவை பகுதியில் சொல்கிறேன்.

எழுதும் வரிசையைப் பொறுத்தவரை ஆய்வுமுறையிலிருந்துதான் தொடங்கினோம். பின்னணியிலிருந்து தொடங்கினால் 250 சொற்களில் 100 சொற்கள் அதிலேயே கரைந்துவிடும். எது அளக்கப்பட்டது என்பது கையில் இருந்தால், அதற்கு எவ்வளவு பின்னணி தேவை என்பது தானாகவே தெரியும்.

கட்டுரையில் ஒவ்வொரு சோதனைக்கும் தனியே ஆய்வுமுறைப் பகுதி இருக்கிறது. முதல் சோதனையில் 67 மாணவர்கள் பங்கேற்றனர். ஒருவர் அந்த உரையை முன்பே பார்த்திருந்தார், இன்னொருவரின் தரவைப் பதிவு செய்ததில் பிழை நேர்ந்தது என்பதால் இருவர் நீக்கப்பட்டு 65 பேர் எஞ்சினர். 15 நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட டெட் உரை ஒன்றைப் பார்த்தபடி, இணைய இணைப்பு இல்லாத மடிக்கணினியிலோ நோட்டுப் புத்தகத்திலோ அவர்கள் குறிப்பெடுத்தார்கள். சுமார் 30 நிமிடங்கள் வேறு பணிகளில் ஈடுபடுத்தப்பட்ட பிறகு கேள்விகளுக்கு விடையளித்தார்கள். இரண்டாவது சோதனையில் 151 பேர், மூன்று குழுக்கள்: கையால் எழுதியவர்கள், மடிக்கணினியில் எழுதியவர்கள், சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள் என்ற அறிவுரையைப் பெற்று மடிக்கணினியில் எழுதியவர்கள். மூன்றாவதில் 109 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தங்கள் குறிப்புகளைப் பத்து நிமிடங்கள் திருப்பிப் பார்க்க வாய்ப்பளிக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அது இல்லை. தேர்வு ஒரு வாரம் கழித்து நடந்தது.

இவ்வளவையும் எழுதினால் ஆய்வுமுறை மட்டுமே ஏறக்குறைய 100 சொற்களைத் தின்றுவிடும். எதை விடுவது என்பதற்கு நான் ஓர் அளவுகோலைப் பயன்படுத்துகிறேன். ஒரு விவரத்தை நீக்கினால், கண்டறிந்தவை பகுதியில் வரப்போகும் ஏதாவது ஒரு வாக்கியம் புரியாமல் போகுமா, அல்லது தவறாகப் புரியுமா என்று பார்க்க வேண்டும். டெட் உரை என்ற விவரத்தை நீக்கிப் 'பதிவு செய்த உரை' என்று எழுதினால் எதுவும் கெடுவதில்லை. இணைய இணைப்பு இல்லை என்பதை நீக்கினால் கெடும். ஏனென்றால் மடிக்கணினிக் குழு பின்தங்கியதற்கு வேறு தளங்களைப் பார்த்ததுதான் காரணம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார், கட்டுரையின் வாதமே அதற்கு மாறானது. 30 நிமிடம், ஒரு வாரம் என்ற இடைவெளிகளும் நிற்க வேண்டும். உடனே நினைவுகூர்வதும் ஒரு வாரம் கழித்து நினைவுகூர்வதும் வேறுவேறு. பங்கேற்றவர்களின் ஆண், பெண் எண்ணிக்கை, இடையில் தரப்பட்ட பணிகளின் பெயர் ஆகியவற்றைத் தயங்காமல் விட்டுவிட்டோம்.

எண்ணிக்கையில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. முதலாவது, 67 அல்ல, 65 என்பதே பகுப்பாய்வுக்குள் வந்த எண். பகுதியின் முதல் வாக்கியத்தில் இருக்கும் எண்ணை எடுத்து எழுதிவிட்டு, நீக்கப்பட்டவர்களைச் சொல்லும் அடுத்த வாக்கியத்தை விட்டுவிடுவது மாணவர்களின் சுருக்கங்களில் நான் அடிக்கடி பார்ப்பது. இரண்டாவது, மூன்று சோதனைகளையும் கூட்டி 325 பேர் என்று எழுத அவள் விரும்பினாள். கூட்டுத்தொகை சரிதான், ஆனால் அப்படி 325 பேரிடம் ஒரே ஒப்பீடு நடக்கவில்லை. மூன்று சோதனைகளில் மூன்று விதமான குழுப் பிரிவுகள் இருக்கும்போது, கூட்டிய எண் இல்லாத ஒரு பலத்தை ஆய்வுக்குத் தந்துவிடும். ஆகவே மூன்று எண்களையும் தனித்தனியே வைத்தோம்.

ஆய்வுமுறையில் இன்னும் ஓர் எச்சரிக்கை. இரண்டு குழுக்கள் என்று எழுதியவுடன், 'சீரற்ற முறையில் பிரிக்கப்பட்டனர்' என்று கை தானாக எழுதிவிடும். காரண விளைவைப் பற்றி என்ன சொல்லலாம் என்பதையே அந்தச் சொற்கள் தீர்மானிக்கும் என்பதால், கட்டுரை எந்தச் சொற்களில் பிரிப்பைச் சொல்கிறதோ அதற்கு மேலே ஒரு சொல்கூட நாம் ஏற்றக் கூடாது. எங்கள் சுருக்கத்தில் யார் எதில் குறிப்பெடுத்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்து, கண்டறிந்தவை. மொத்த வேலையிலும் அதிக நேரம் எடுத்த பகுதி இதுவே.

மூலச் சுருக்கத்தில் எண் எதுவும் இல்லாததால், முதல் சோதனையின் முடிவுகளிலிருந்து தொடங்கினோம். தகவலை நினைவுகூரும் கேள்விகளில் இரு குழுக்களும் சமமாகவே விடையளித்தன. கருத்தைப் பயன்படுத்திப் பார்க்கும் கேள்விகளில் மடிக்கணினிக் குழு பின்தங்கியது. இந்த இரண்டில் முதலாவது, இதழின் சுருக்கத்தில் இல்லவே இல்லை. 'மடிக்கணினி கற்றலைக் கெடுக்கிறது' என்று பொதுவில் பரவிய வரிக்கு இந்த விடுபடலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வேறுபாடு தெரியாத அளவீட்டையும் சொல்வது கண்டறிந்தவை என்ற தலைப்பின் கடமை. இரண்டு வகைக் கேள்விகள் கேட்கப்பட்டன என்று ஆய்வுமுறையில் எழுதிவிட்டு, ஒரு வகையின் முடிவை மட்டும் சொன்னால், கூர்ந்து படிப்பவர் மற்றொன்று எங்கே என்று கேட்பார். ஆய்வுமுறையில் அளந்ததாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கண்டறிந்தவற்றில் ஓர் இணை இருக்கிறதா என்று கோடிட்டு இணைத்துப் பார்த்தோம். இந்தச் சோதனை எந்தத் துறைக் கட்டுரைக்கும் பொருந்தும்.

எந்த எண்களை எடுப்பது என்பது அடுத்த முடிவு. தேர்வு மதிப்பெண்கள் கட்டுரையில், மொத்தச் சராசரியைப் பூச்சியமாகக் கொள்ளும் தரப்படுத்திய அலகில் உள்ளன. முதல் சோதனையின் கருத்துநிலைக் கேள்விகளில் கையெழுத்துக் குழுவின் சராசரி 0.154, மடிக்கணினிக் குழுவின் சராசரி −0.156. இவற்றை அப்படியே எடுத்து வைத்தால், எதிர்க்குறி மதிப்பெண் என்றால் என்ன என்று படிப்பவர் திகைப்பார். இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.31 திட்டவிலக்கம் என்று எழுதினால், வேறுபாடு எவ்வளவு என்பதும் தெரியும், அது மலையளவு இல்லை என்பதும் தெரியும். குறிப்புகளின் அளவைச் சொல்லும் எண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மடிக்கணினிக் குழு சராசரியாக 309.6 சொற்களையும், கையெழுத்துக் குழு 173.4 சொற்களையும் எழுதியிருந்தன. உரையின் சொற்களோடு மூன்று சொற்கள் அடுத்தடுத்து அதே வரிசையில் பொருந்திய பங்கு முறையே 14.6 சதவீதமும் 8.8 சதவீதமும் ஆகும். ஒருவர் எழுதியது எவ்வளவு, அதில் சொல்லுக்குச் சொல் எவ்வளவு என்ற இரண்டும் இந்த நான்கு எண்களிலேயே வந்துவிடுகின்றன. சொற்களின் எண்ணிக்கையை முழு எண்ணாக்கி 310, 173 என்று எழுதினோம், சதவீதத்தைத் தசமத்தோடு விட்டுவிட்டோம்.

இரண்டாவது சோதனையின் முக்கியமான கண்டுபிடிப்பு இதழின் சுருக்கத்தில் இடம்பெறவில்லை. சொல்லுக்குச் சொல் எழுதாதீர்கள் என்று வெளிப்படையாக அறிவுறுத்தப்பட்ட குழுவினரும் அதே அளவுக்குச் சொல்லுக்குச் சொல் எழுதினார்கள். அறிவுரை பெறாத மடிக்கணினிக் குழுவைவிடக் கையெழுத்துக் குழு கருத்துநிலைக் கேள்விகளில் மேலாக விடையளித்தது. ஆனால் அறிவுரை பெற்ற குழு அந்த இரண்டு குழுக்களிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. வகுப்பறைக்கு இதன் பொருள் நேரடியானது என்பதால், என்னைப் பொறுத்தவரை கட்டுரையில் விடவே கூடாத செய்தி இது.

மூன்றாவது சோதனையில்தான் நான் முன்பு சொன்ன இடம் வருகிறது. 'மூன்று சோதனைகளிலும் மடிக்கணினிக் குழு பின்தங்கியது' என்று மூலச் சுருக்கம் பொதுவாகச் சொல்கிறது. உடற்பகுதியைப் படித்தால், மூன்றாவது சோதனையில் எழுதும் கருவிக்கென்று தனியான முதன்மை விளைவு கிடைக்கவில்லை. திருப்பிப் பார்க்கும் வாய்ப்புக்கும் தனி விளைவு இல்லை. இரண்டும் சேரும்போதுதான் வேறுபாடு வந்தது: கையால் எழுதி, அதைத் திருப்பிப் பார்க்கும் வாய்ப்பையும் பெற்றவர்கள் மற்றக் குழுக்களை முந்தினார்கள். மூலச் சுருக்கத்தின் வாக்கியத்தைப் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அதை நம்பி 'ஒரு வாரம் கழித்தும் மடிக்கணினிக் குழு பின்தங்கியது' என்று நாம் எழுதியிருந்தால், திருப்பிப் பார்த்தல் என்ற நிபந்தனை காணாமல் போயிருக்கும். தலைப்புகள் நம்மைக் கட்டுரையின் உள்ளே அனுப்புவதன் பயன் இங்கே கண்கூடு. ஆகவே மூன்று சோதனைகளுக்கும் ஒரு வாக்கியம் என்று இணைப்பதைக் கைவிட்டு, சோதனைக்கு ஒரு வாக்கியம் அல்லது இரண்டு என்று பிரித்தோம்.

இந்தப் பகுதியில் ஒரு சொல்லைக்கூட விளக்கத்துக்குச் செலவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். அவளுடைய வரைவில், 'மடிக்கணினிக் குழுவினர் சிந்திக்காமல் எழுதியதால் பின்தங்கினர்' என்ற வாக்கியம் இருந்தது. பின்தங்கியது அளவீடு, சிந்திக்காமல் எழுதியது விளக்கம். யாருடைய சிந்தனையையும் யாரும் அங்கே அளக்கவில்லை. குறிப்புக்கும் உரைக்கும் உள்ள சொற்பொருத்தத்தைத்தான் அளந்தார்கள். 'ஆல்', 'ஆகையால்', 'காரணமாக' என்ற உருபுகளையும் சொற்களையும் தேடி, கண்டறிந்தவை பகுதியில் அவை வரும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். அப்படி அகப்பட்டவற்றை நீக்கினோம், அல்லது முடிவுரைக்கு அனுப்பினோம்.

பின்னணிக்கு இப்போது அதிக வேலை இல்லை. மூலத்தின் மூன்று வாக்கியங்களும் ஒரே வாக்கியமாகச் சுருங்கின. நான்காவது வாக்கியத்திலிருந்து நோக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து இரண்டாவது வாக்கியமாக வைத்தோம். நோக்கத்தைக் கேள்வியாகவே எழுத வேண்டும், விடை அதில் கசியக் கூடாது. 'ஆழமில்லாமல் உள்வாங்குவதால் கற்றல் பாதிக்கப்படுகிறது என்பதைக் காட்டுவது' என்று நோக்கத்தை எழுதிவிட்டால், முடிவுரையில் சொல்ல எதுவும் மிஞ்சாது.

முடிவுரையில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. எவ்வளவு உறுதியாகச் சொல்வது என்பது ஒன்று. நான்காவது வாக்கியத்தில் 'பாதிக்கக்கூடும்' என்று தயங்கும் மூலச் சுருக்கம், ஆறாவது வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் எழுதுவது கெடுதல் என்று உறுதியாக முடிக்கிறது. கருவியை மாற்றியவர்கள் ஆய்வாளர்கள். சொல்லுக்குச் சொல் எழுதும் அளவோ பங்கேற்றவர்களிடம் தானாக அமைந்தது. அதை மாற்ற முயன்ற ஒரே முயற்சியான அறிவுரை பலிக்கவில்லை. ஆகவே அந்தப் பழக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை 'இதனால் இருக்கலாம்' என்ற அளவில் வைப்பதே நேர்மை என்று முடிவு செய்து, ஆறாவது வாக்கியத்தின் உறுதியை நான்காவது வாக்கியத்தின் தயக்கத்துக்கு இறக்கினோம். வெளியான கட்டுரையைவிடக் குறைந்த உறுதியோடு எழுதலாமா என்று அவள் தயங்கினாள். எழுதலாம், கூட்டி எழுதுவதுதான் கூடாது.

மற்றொன்று, பின்னர் வந்த ஆய்வுகளைச் சேர்ப்பதா என்பது. முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்த ஆய்வு ஒன்று 2021இல் அதே இதழில் வெளியானது. 142 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், மடிக்கணினிக் குழு அதிகச் சொற்களை எழுதியதும் அதிகமாகச் சொல்லுக்குச் சொல் எழுதியதும் மீண்டும் தெரிந்தன, ஆனால் தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை. இது மிக முக்கியமான செய்தி. ஆனாலும் இந்தக் கட்டுரையின் சுருக்கத்துக்குள் அதற்கு இடமில்லை, ஏனென்றால் முடிவுரை கண்டறிந்தவற்றிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும். மாநாட்டின் அரங்கில் அவள் பேசும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். அது தெரிந்திருந்ததனாலேயே முடிவுரையில் 'மாணவர்கள் மடிக்கணினியைத் தவிர்க்க வேண்டும்' என்ற பரிந்துரை வாக்கியத்தை எழுத எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

இறுதியாக அமைந்த சுருக்கம் இது:

பின்னணி: மடிக்கணினியில் குறிப்பெடுப்பது கற்றலுக்குக் குறைவாக உதவுவதாகக் கருதப்பட்டாலும், முந்தைய ஆய்வுகள் பெரும்பாலும் கவனச் சிதறலையே ஆராய்ந்தன. குறிப்பெடுக்க மட்டுமே பயன்படும்போதும் மடிக்கணினிக்கும் கையெழுத்துக்கும் கற்றலில் வேறுபாடு உண்டா என்று இந்த ஆய்வு கேட்டது.

ஆய்வுமுறை: அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் மூன்று சோதனைகள் நடத்தப்பட்டன (65, 151, 109 பேர்). பதிவு செய்த உரையைக் கேட்டு மாணவர்கள் கையாலோ மடிக்கணினியிலோ குறிப்பெடுத்தனர். முதல் சோதனையில் மடிக்கணினிகளுக்கு இணைய இணைப்பு இல்லை. அதில் சுமார் 30 நிமிடங்கள் கழித்துத் தகவல் கேள்விகளும் கருத்துநிலைக் கேள்விகளும் கேட்கப்பட்டன. இரண்டாவதில் ஒரு மடிக்கணினிக் குழுவுக்குச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. மூன்றாவதில் ஒரு பகுதியினர் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்தனர்; தேர்வு ஒரு வாரம் கழித்து நடந்தது.

கண்டறிந்தவை: முதல் சோதனையில் தகவல் கேள்விகளில் வேறுபாடு இல்லை, கருத்துநிலைக் கேள்விகளில் மடிக்கணினிக் குழு சுமார் 0.31 திட்டவிலக்கம் பின்தங்கியது. அக்குழு அதிகச் சொற்களையும் (310, கையெழுத்துக் குழு 173) உரையோடு அதிகச் சொற்பொருத்தத்தையும் (14.6%, கையெழுத்துக் குழு 8.8%) காட்டியது. இரண்டாவதில் கையெழுத்துக் குழு, அறிவுரை பெறாத மடிக்கணினிக் குழுவைக் கருத்துநிலைக் கேள்விகளில் முந்தியது. அறிவுரை சொற்பொருத்தத்தைக் குறைக்கவில்லை. அறிவுரை பெற்ற குழு மற்ற இரண்டிலிருந்தும் குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. மூன்றாவதில் கருவிக்குத் தனி விளைவு இல்லை. கையால் எழுதித் திருப்பிப் பார்த்தவர்கள் மற்றக் குழுக்களை முந்தினர்.

முடிவுரை: குறிப்பெடுக்க மட்டுமே பயன்படும்போதும் மடிக்கணினி கருத்துநிலைக் கற்றலைக் குறைக்கக்கூடும், சொல்லுக்குச் சொல் எழுதும் போக்கு அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அறிவுரை மட்டுமே அந்தப் போக்கை மாற்றவில்லை.

இது வரம்புக்குள் வசதியாக அடங்கியது. மீதமிருந்த சொற்களைப் பின்னணிக்குக் கொடுக்கலாமா என்று அவள் கேட்டாள். 250 என்பது மேல் எல்லை, நிரப்ப வேண்டிய அளவு அல்ல என்பதால் அப்படியே விட்டோம்.

அனுப்புவதற்கு முன் செய்த சரிபார்ப்பு எளியது, ஆனால் சலிப்பூட்டக்கூடியது. சுருக்கத்தில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் வட்டமிட்டு, அது கட்டுரையின் எந்தப் பக்கத்தில் எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதினோம். 0.31 மட்டும் கட்டுரையில் நேரடியாக இல்லை, இரண்டு சராசரிகளிலிருந்து நாங்கள் கணக்கிட்டது. அதனால்தான் அதற்கு முன்னால் 'சுமார்' என்ற சொல் நிற்கிறது, யாராவது கேட்டால் காட்டுவதற்காக அந்தக் கழித்தலையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். இந்தக் கட்டுரைக்கு இதழ் பின்னர் ஒரு திருத்தக் குறிப்பும் வெளியிட்டிருப்பதால், எண்களைத் திருத்தத்துக்குப் பிந்தைய பதிப்போடு ஒப்பிட்டோம். பழைய பிடிஎஃப் கோப்பை யாரிடமிருந்தோ வாங்கி வேலை செய்பவர்கள் இதழின் தளத்தில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து, திருத்தம் ஏதும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பிறகு கட்டுரையைப் படிக்காத இன்னொரு மாணவரிடம் கண்டறிந்தவை பகுதியை மறைத்து, மற்ற மூன்றையும் மட்டும் கொடுத்தோம். அவை இடைவெளியில்லாமல் புரிந்தன என்றார். அடுத்து முடிவுரையை மறைத்துவிட்டு, இந்த முடிவுகளிலிருந்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். மூன்றாவது சோதனையைச் சுட்டி, "திருப்பிப் பார்க்காமல் விட்டால் கையால் எழுதியும் பயனில்லையா?" என்று திரும்பக் கேட்டார். கட்டுரை அப்படிச் சொல்லவில்லை, முதல் இரண்டு சோதனைகளில் யாரும் திருப்பிப் பார்க்காமலேயே கையெழுத்துக் குழு முந்தியது என்று விளக்க வேண்டியிருந்தது. 'தேர்வு ஒரு வாரம் கழித்து நடந்தது' என்ற சொற்கள் ஆய்வுமுறையில் இருந்தும், கண்டறிந்தவை பகுதிக்கு வரும்போது படிப்பவர் அதை மறந்துவிடுகிறார். எனவே அங்கே 'மூன்றாவதில்' என்பதை 'ஒரு வாரம் கழித்து நடந்த மூன்றாவதில்' என்று மாற்றினோம். மேலே தந்திருப்பது அந்த மாற்றத்துக்கு முந்தைய வடிவம். அனுப்பியதில் அந்தச் சொற்கள் சேர்ந்திருந்தன.

கடைசியாகப் படிவத்தில் ஒட்டும்போது ஒரு நடைமுறைச் சிக்கல். மாநாட்டின் பதிவுப் படிவம் தடித்த எழுத்தையும் பத்தி இடைவெளியையும் ஏற்கவில்லை, ஒட்டியவுடன் நான்கு பகுதிகளும் ஒரே பத்தியாகிவிட்டன. ஒவ்வொரு தலைப்புக்கும் பிறகு முக்காற்புள்ளி இட்டு எழுதியிருந்ததால் தலைப்புகள் பத்திக்குள் அடையாளம் தெரியும்படி நின்றன. தடித்த எழுத்தை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அவை வாக்கியத்தோடு கலந்துவிடும். எதிர்க்குறி போன்ற சில குறிகளும் இத்தகைய படிவங்களில் வேறு எழுத்தாக மாறுவதுண்டு; எங்கள் சுருக்கத்தில் −0.156 இடம்பெறாமல் போனதற்கு இப்படியும் ஒரு பலன் கிடைத்தது. முன்னோட்டத்தைத் திறந்து சதவீதக் குறிகளும் அடைப்புக்குறிகளும் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகு, கட்டுரையின் ஆசிரியர்கள், ஆண்டு, இதழின் பெயர் ஆகியவற்றை அதற்கென்று தரப்பட்ட தனிக் கட்டத்தில் நிரப்பி அவள் அனுப்பினாள்.